அரவை மில் கணக்காளரின் விடுப்பு மின்னஞ்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடி பக்கம் ஒரு நடுத்தர அரவை மில்லில் நான் மேலாளர். எங்கள் கணக்காளர் பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு கேட்டு எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினார். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டன. முதல் மின்னஞ்சலை வைத்து என்னால் எந்த முடிவும் எடுக்க முடியவில்லை. இரண்டாவதைப் படித்த பத்து நிமிடத்தில் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். இடையில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு, பெயர்களை எடுத்துவிட்டுப் பொறுப்புகளை மட்டும் வைத்திருக்கிறேன்.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அதையொட்டிச் சம்பா, தாளடி அறுவடை டெல்டா முழுக்க வேகம் பிடிக்கும். பிப்ரவரியில் எங்கள் எடைமேடைக்கு முன்னால் நெல் வண்டிகள் வரிசையாக நிற்கும். நெல் வாங்கிய பணம் தினமும் போக வேண்டும், அரிசியும் தவிடும் தினமும் வெளியேற வேண்டும். கணக்கு அறையில் ஆள் இல்லாமல் இருக்கவே கூடாத மாதம் என்று முதலாளி சொல்வது இந்த மாதத்தைத்தான்.

ஆனால் கணக்காளரின் அப்பாவுக்குத் தஞ்சாவூரில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு பிப்ரவரி 9 என்று நாள் குறித்துவிட்டார்கள். வீட்டில் அவர் ஒரே பிள்ளை. ஜனவரி 26 அன்று இரவு அவர் அனுப்பிய முதல் மின்னஞ்சல் இது:

பொருள்: விடுப்பு வேண்டி

மதிப்பிற்குரிய சார்,
என் அப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். அதனால் பிப்ரவரி இரண்டாவது வாரம் எனக்கு லீவு வேண்டும். நான் இல்லாதபோது வேலைகளை பில்லிங் தம்பி பார்த்துக்கொள்வார். அவரிடம் பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்துவிடுகிறேன். ஏதாவது அவசரம் என்றால் எந்நேரமும் எனக்குப் போன் செய்யலாம். தயவுசெய்து அனுமதி தரவும்.

பணிவான கடிதம், மனதில் கள்ளம் இல்லை. பெரும்பாலான அலுவலகங்களில் விடுப்பு மின்னஞ்சல் இப்படித்தான் இருக்கும். ஆனால் அனுமதி கொடுக்கிறவனின் இடத்தில் உட்கார்ந்து படித்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி எழுகிறது. இரண்டாவது வாரம் என்றால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? வேலைகள் என்றால் எவை? பில்லிங் தம்பிக்கு பில் போடத் தெரியும், வங்கிப் பணம் அனுப்பத் தெரியுமா, அனுப்ப விடலாமா? அப்பா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும்போது இவர் எப்படி எந்நேரமும் போன் எடுப்பார்?

பாஸ்வேர்டு விஷயம் இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. சரக்கு லாரியோடு போக வேண்டிய மின்வழிச் சீட்டு, அதாவது எல்லோரும் இ-வே பில் என்று சொல்வது, 2025 ஏப்ரல் முதல் எல்லா வணிகர்களுக்கும் இரட்டைச் சரிபார்ப்போடுதான் திறக்கும். பாஸ்வேர்டு போட்ட பிறகு, அந்தக் கணக்கில் பதிவான கைபேசிக்கு ஓடிபி வரும். எங்கள் மில்லில் அந்தக் கைபேசி கணக்காளருடையது. பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் தஞ்சாவூர் போனால், உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் தம்பி அவரை அழைத்து ஓடிபி கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவர் போன் அணைந்திருந்தால் லாரி வாசலிலேயே நிற்கும். அதாவது, அந்த மின்னஞ்சலில் சொன்ன மாற்று ஏற்பாடு முதல் நாள் காலையிலேயே நின்றுபோயிருக்கும்.

மறுநாள் கணக்காளரை அழைத்தேன். "தம்பி, லீவு உனக்குக் கட்டாயம் உண்டு, அதில் யோசனையே இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வைத்து முதலாளிகிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டேன். "யார் என்ன செய்யணும்னு எழுதிக் கொண்டுவரட்டுமா சார்?" என்றார். அதற்கு முன்னால் எந்த வேலை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்ப்போம் என்று சொல்லி, பிப்ரவரி மாதத் தாளை மேசையில் விரித்தோம்.

இந்த இடத்தில்தான் விஷயம் மாறியது. அவர் பட்டியலை யாரிடம் எதைக் கொடுப்பது என்று தொடங்கினார். நான் வேறு மாதிரி கேட்டேன்: இந்த வேலைக்கான தகவல் எப்போது முழுமையாகக் கைக்கு வருகிறது?

ஜிஎஸ்டிக்கான மாத விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1ஐ எடுத்துக்கொள்ளலாம். மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கடைசி நாள். அது விடுப்புக்கு நடுவில் விழுகிறது. எங்களுக்கு இது விளையாட்டான தேதி இல்லை. 26 கிலோ அரிசிச் சிப்பத்துக்கு வரி கிடையாது, ஆனால் எண்ணெய் ஆலைகளுக்குப் போகும் தவிட்டுக்கு 5 சதவீதம் வரி உண்டு. அந்த வரியை ஆலைக்காரர் தன் வரியில் கழித்துக்கொள்ள, அதாவது வரவு எடுக்க வேண்டுமானால், நாங்கள் 11க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். அப்போதுதான் 14ஆம் தேதி அவருக்கு உருவாகும், வாங்கிய சரக்கின் வரி வரவைக் காட்டும் 2பி அறிக்கையில் எங்கள் பில்கள் தெரியும். தாமதித்தால் எங்களுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம்தான், அது சின்னத் தொகை. ஆனால் ஆலைக்காரருக்கு அந்த மாதம் வரவு கிடைக்காது. அடுத்த லோடுக்குப் பணம் கொடுக்கும்போது அவர் அதை மறக்க மாட்டார்.

கணக்காளர் இதை ஆடிட்டர் ஆபீஸில் ஒப்படைக்கலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரம் மட்டும்தான். ஜனவரி மாத பில்கள் எல்லாம் ஜனவரி 31இல் முடிந்துவிடும். பிப்ரவரி 1க்குப் பிறகு அதில் சேர எதுவும் இல்லை. பிறகு ஏன் 11 வரை காத்திருக்க வேண்டும்? 6ஆம் தேதியே தாக்கல் செய்தால் இந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்கவே தேவையில்லை. ஒன்றே ஒன்று: தாக்கல் செய்ய ஓடிபி முதலாளியின் கைபேசிக்கு வரும். அவர் 6ஆம் தேதி ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவை. அந்த 15 ஞாயிற்றுக்கிழமை. ஜனவரி சம்பளக் கணக்கு 4ஆம் தேதியே தயாராகிவிடும் என்பதால் இதையும் முன்னாலேயே கட்டலாம். டிடிஎஸ் எப்படியும் 7ஆம் தேதிக்குள். மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி மட்டும் நேர்மாறு. அதற்கு எங்களுடைய 2பி அறிக்கை வேண்டும், அது 14ஆம் தேதிதான் வரும். முன்கூட்டியே செய்ய முடியாது, ஆனால் கடைசி நாள் 20. அவர் 16ஆம் தேதி திரும்பினால் நான்கு நாள் இருக்கிறது. அதையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், காத்திருக்கட்டும்.

அவசரம் என்று அவர் எழுதி வைத்திருந்ததில் பெரும்பாலானவை இப்படியே கழிந்துவிட்டன. மீந்தவை இரண்டுதான்: தினமும் புதிதாக வந்து சேரும் இ-வே பில், தினமும் புதிதாக வந்து சேரும் நெல் பணம். இவற்றை முன்னால் முடிக்கவும் முடியாது, பின்னால் தள்ளவும் முடியாது. மாற்று ஆள் இந்த இரண்டுக்கு மட்டுமே தேவை.

நெல் பணத்தில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வங்கி இணையத்தில் ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். கணக்காளர் பதிவு செய்வார், முதலாளி ஒப்புதல் தருவார். எடைமேடைச் சீட்டையும் பதிவையும் வைத்துத்தான் முதலாளி பார்ப்பார். பில்லிங் தம்பியிடம் கணக்காளரின் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அவர் அனுப்பிய பணம் கணக்காளர் பெயரில் பதிவாகும். நாளைக்கு ஒரு தொகையில் தவறு வந்தால் யார் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது தம்பிக்கும் நல்லதில்லை, கணக்காளருக்கும் நல்லதில்லை. ஆகவே அந்த வாரம் நானே பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். அதற்கு வங்கியில் என்னைத் தனிப் பயனராகச் சேர்க்க முதலாளி கையெழுத்திட்ட படிவம் வேண்டும், அது நடக்கச் சில நாள் ஆகும். கடிதம் இரண்டு வாரம் முன்னால் வந்ததால்தான் இந்த ஏற்பாடே சாத்தியமாயிற்று. 7ஆம் தேதி வந்திருந்தால் பாஸ்வேர்டைக் கைமாற்றுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

ஜனவரி 28 அன்று இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. முழுவதையும் தருகிறேன்:

பொருள்: பிப்ரவரி 9 முதல் 14 வரை விடுப்பு – உங்கள் ஒப்புதல் ஜனவரி 30க்குள் தேவை

வணக்கம் சார்,

என் அப்பாவுக்கு பிப்ரவரி 9ஆம் தேதி தஞ்சாவூரில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. கூட இருக்க வேறு ஆள் இல்லாததால் 9 திங்கள் முதல் 14 சனி வரை ஆறு நாள் விடுப்பு கேட்கிறேன். 16 திங்கள் காலை வேலைக்கு வந்துவிடுவேன்.

போவதற்கு முன் நான் முடித்துவிடுபவை: டிடிஎஸ், வைப்பு நிதி, ஈஎஸ்ஐ மூன்றும் 5ஆம் தேதிக்குள். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 6ஆம் தேதி மாலை 4 மணிக்கு. அந்நேரம் ஓடிபிக்கு முதலாளி கைபேசியோடு இருக்க வேண்டும். தாக்கல் ஆனதும் ஒப்புகை எண்ணை உங்களுக்கு அனுப்புகிறேன்.

நான் இல்லாதபோது நடப்பவை இரண்டு. இ-வே பில்லை பில்லிங் தம்பி போடுவார். அவருக்கென்று தனியாகத் துணைப் பயனர் கணக்கு உருவாக்கி, அவருடைய கைபேசியையே பதிவு செய்கிறேன். 4, 5, 6 தேதிகளில் எல்லா பில்களையும் அவரே போடுவார், நான் பக்கத்தில் இருப்பேன். லாரி மாறினால் வண்டி எண் உள்ள பகுதி பியை மாற்றுவதும், தவறான பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்வதும் இதில் அடக்கம். நெல் பணத்தை நீங்கள் பதிவு செய்ய, முதலாளி ஒப்புதல் தருவார். ஏற்கனவே வங்கியில் சேர்த்துள்ள கணக்குகளுக்கு மட்டும். புதுக் கணக்கு சேர்க்க வேண்டி வந்தால் நான் வரும் வரை நிறுத்தி வைக்கலாம்.

காத்திருப்பவை: ஜிஎஸ்டிஆர்-3பி, வங்கிச் சரிபார்ப்பு, வியாபாரிகளின் பழைய பாக்கிக் கணக்கு. இவற்றை 16க்குப் பிறகு நான் பார்க்கிறேன். யாராவது கேட்டால் அந்தத் தேதியைச் சொல்லிவிடலாம்.

9ஆம் தேதி முழுவதும் என்னால் போன் எடுக்க முடியாது. 10 முதல் 14 வரை மாலை 6 முதல் 7 மணி வரை பேசலாம். மற்ற நேரம் குறுஞ்செய்தி போட்டால் முடிந்தபோது பார்க்கிறேன்.

டாக்டர் கூடுதல் நாள் தங்கச் சொன்னால் 13ஆம் தேதி மதியத்துக்குள் தெரிவிக்கிறேன். அப்படி ஆனால் 3பி வேலையை 17ஆம் தேதி ஆடிட்டர் ஆபீஸுக்கு மாற்ற வேண்டும். அவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன், கொள்முதல் பில்கள் தேதி வாரியாகப் பச்சை ஃபைலில் இருக்கும்.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியவை இரண்டு: விடுப்புக்கு ஒப்புதல், வங்கிப் படிவத்தில் முதலாளி கையெழுத்து. இரண்டும் 30க்குள் கிடைத்தால் மற்றதெல்லாம் நேரத்துக்கு நடக்கும்.

நன்றி சார்.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கடைசிப் பத்தி. படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. முதல் கடிதத்தில் நான் செய்ய வேண்டியது அனுமதி கொடுப்பது ஒன்றுதான் என்பதுபோல் இருந்தது. உண்மையில் நான் செய்ய வேண்டிய வேலை இருந்தது, அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, கிடைக்காத நேரத்தைத் திறந்து சொன்னது. எந்நேரமும் அழையுங்கள் என்று எழுதுவதைப் பலர் விசுவாசமாக நினைக்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தையை நம்பி நாங்கள் ஏற்பாட்டைத் தளர்த்திவிடுவோம். 9ஆம் தேதி அவர் கிடையாது என்று தெரிந்ததால்தான், அன்றைக்குத் தவிடு லோடு போடும் நேரத்தில் முதலாளியையும் நான் மில்லில் இருக்கச் சொன்னேன். அது மட்டுமில்லை, அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளையை மணிக்கொரு முறை கூப்பிடுவது நியாயமும் இல்லை.

காரணத்தை எவ்வளவு சொல்வது என்பதிலும் அவர் அளவாக இருந்தார். என்ன சிகிச்சை, எந்தத் தேதி, ஏன் தான் போக வேண்டும் என்ற மூன்றும் ஒரு பத்தியில் முடிந்தன. மருத்துவ அறிக்கையோ செலவுக் கணக்கோ இல்லை. எனக்கு அவை தேவையும் இல்லை.

சரி, நடந்தது என்ன என்று பார்க்கலாம்.

4ஆம் தேதி ஒத்திகையிலேயே ஒரு கோளாறு தெரிந்தது. பில்லிங் தம்பி துணைப் பயனராக உள்ளே போக முயன்றார், ஓடிபி வரவில்லை. தேடிப் பார்த்தால், பதிவு செய்யக் கொடுத்திருந்தது அவருடைய சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண். அது அவர் அப்பாவின் போன், வீட்டில் இருந்தது. எண்ணை மாற்ற பத்து நிமிடம்தான் ஆனது. இதே சிக்கல் 9ஆம் தேதி காலை தெரிந்திருந்தால், மாற்ற வேண்டிய முதன்மைக் கணக்கின் ஓடிபி ஆஸ்பத்திரியில் அணைந்து கிடக்கும் போனுக்குப் போயிருக்கும். செய்து காட்டுவது வேறு, அவரையே செய்யவிட்டுப் பார்ப்பது வேறு. கணக்காளர் தன் கையால் பில் போட்டுக் காட்டியிருந்தால் இந்தக் கோளாறு வெளியே வந்திருக்காது.

10ஆம் தேதி மாலை ஒரு தவிடு லோடு கிளம்பியது. ஆலை 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு, ஆகவே பில் இரண்டு நாளுக்குச் செல்லும். இரவில் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் லாரியின் கியர் பாக்ஸ் போய்விட்டது. மறுநாள் காலை டிரான்ஸ்போர்ட்காரர் வேறு லாரி ஏற்பாடு செய்து மூட்டைகளை மாற்றினார். பழைய வண்டி எண்ணோடு புது லாரி ஓடினால், வழியில் சோதனையில் நிறுத்தி வைத்துவிடலாம். தம்பி புது லாரி எண்ணைக் கேட்டு வாங்கி பகுதி பியில் மாற்றி, மாற்றிய சீட்டை ஓட்டுநருக்கு அனுப்பினார். வண்டியை மாற்றினால் நாள் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம் என்று கணக்காளர் சொல்லிக்கொடுத்ததை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். நீட்டிக்கும் தேவை வரவில்லை, லாரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்காகக் கணக்காளரை யாரும் அழைக்கவில்லை.

நெல் பணத்தில்தான் திட்டம் கொஞ்சம் இடித்தது. 12ஆம் தேதி, பல வருடமாக எங்களுக்கு நெல் போடும் ஒரு விவசாயி, பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டதாகவும் புதுக் கணக்கில் பணம் போடும்படியும் கேட்டார். மின்னஞ்சல்படி புதுக் கணக்கு 16 வரை நிற்க வேண்டும். ஆனால் அவர் அறுவடை எந்திர வாடகை கட்ட வேண்டும், அறுத்த நெல்லுக்குப் பணம் கேட்கிறவரை நான்கு நாள் காக்க வைப்பது மனசுக்கு ஒப்பவில்லை. அதே நேரம், புதுக் கணக்கைத் தவறாகப் பதிந்து பணம் வேறு யாருக்கோ போனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதலாளி எடைமேடைச் சீட்டைப் பார்த்துக் காசோலை எழுதிக் கொடுத்தார். புதுக் கணக்கு வேலை 16க்குக் காத்திருந்தது. நிறுத்தி வைக்கலாம் என்று மட்டும் எழுதாமல், நிறுத்த முடியாத நிலை வந்தால் மாற்று வழி என்ன, அதை யார் முடிவு செய்வது என்ற ஒரு வரியும் இருந்திருக்கலாம். இப்போது எங்கள் மில்லில் விடுப்புக் கடிதம் எழுதுகிறவர்களிடம் அந்த வரியைக் கேட்டு வாங்குகிறேன்.

இந்த முறை எல்லா விடுப்புக்கும் பொருந்தாது. திடீர் சாவு, விபத்து என்றால் ஒருவரும் அட்டவணை போட்டுக்கொண்டிருக்க முடியாது, கேட்கவும் கூடாது. அப்போது ஒரு போன் போதும், மற்றதை அலுவலகம்தான் சமாளிக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளுக்கும் சேர்த்துத்தான் தம்பியின் துணைப் பயனர் கணக்கை விடுப்பு முடிந்த பிறகும் மூடாமல் வைத்திருக்கிறோம். வங்கியில் என் பதிவு உரிமையை மட்டும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் நெல் விலை பேசுகிறவனே பணமும் பதிவது சரியான ஏற்பாடு இல்லை.

16ஆம் தேதி காலை கணக்காளர் வந்தார். முதல் ஒரு மணி நேரம் புது வேலை எதையும் தொடவில்லை. தம்பி போட்ட இ-வே பில்களை விற்பனை பில்களோடும், நான் பதிந்த பணத்தை எடைமேடைச் சீட்டுகளோடும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒரு பில்லில் தூரம் குறைவாகப் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்துத் தம்பிக்குக் காட்டினார். லாரி ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டதால் அதில் பாதிப்பு இல்லை. விவசாயியின் புதுக் கணக்கைப் பாஸ்புக்கோடு சரிபார்த்துச் சேர்த்தார். 3பியை 18ஆம் தேதி மாலை தாக்கல் செய்தார். அவருடைய அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார், அடுத்த பரிசோதனைக்கு மார்ச்சில் ஒரு நாள் போக வேண்டும் என்று அன்றே தேதியையும் சொல்லிவைத்தார்.